மறுபடி சூடு பண்ணினால் மீந்த சாப்பாடு சரியாகிவிடுமா? வீட்டுப் பெரியவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

போன சித்திரையில் ஒரு நாள் காலை மதுரையிலிருந்து அத்தை போன் செய்தார். வயது 74, தனியாக இருக்கிறார். குரலே எழவில்லை. "ராத்திரி நாலு தடவை வாந்தி. நல்லா சூடு பண்ணித்தானேம்மா சாப்பிட்டேன், அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?"

என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சமைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலை 11 மணிக்குக் குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைத்திருக்கிறார். மதியம் அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் குக்கரிலேயே மூடி மேடையில் விட்டுவிட்டார். இரவு ஏழரைக்கு எண்ணெய், கடுகு, பச்சை மிளகாய் எல்லாம் தாளித்து, அந்தச் சாதத்தைப் போட்டுக் கிளறி, எலுமிச்சை பிழிந்து எட்டு மணிக்குச் சாப்பிட்டார். பத்தரைக்கு வாந்தி ஆரம்பித்தது. விடிவதற்குள் நின்றும்விட்டது.

நான் உணவு நுண்ணுயிரியல் படித்தவள். பெரிய சமையலறைகளில் பாதுகாப்பைக் கவனிக்கும் வேலையில் பல வருடம் இருந்தேன். அத்தையின் சாதத்தை யாரும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சாப்பிட்ட இரண்டரை மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை, ஒரே ராத்திரியில் சரியானது, சாதம் எட்டரை மணி நேரம் வெளியே இருந்தது என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால் சாதத்தின் மேல்தான் சந்தேகம் விழுகிறது. அதன் பிறகு அத்தை, சித்தப்பா, பெரியம்மா என்று ஒவ்வொருவராகக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

"கொதிக்கக் கொதிக்க சூடு பண்ணினா கிருமி செத்துப் போயிடாதா?"

கிருமி செத்துப்போகும். ஆனால் அது சாவதற்கு முன்பு சாப்பாட்டில் கக்கி வைத்த நஞ்சு சாகாது. மொத்த விஷயமும் இதற்குள் அடங்கிவிடுகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அரிசியில் 'பேசில்லஸ் சீரியஸ்' என்று ஒரு பாக்டீரியா இருக்கும். வயல் மண்ணிலிருந்து வருவது. எந்தக் கடையில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அரிசியானாலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். நிலைமை சரியில்லாதபோது அது தன்னைச் சுற்றி ஒரு கெட்டி ஓட்டைக் கட்டிக்கொண்டு விதை மாதிரி தூங்கும். அப்படித் தூங்கும் நிலையில் இருப்பதை வித்து என்பார்கள். சோறு கொதிக்கும்போது சாதாரணக் கிருமிகள் எல்லாம் அழிந்துவிடும். இந்த வித்துகளில் சில தப்பித்துக்கொள்ளும்.

அடுப்பை அணைத்த பிறகு சோறு மெல்ல ஆறும். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், ஈரமும் மாவுச்சத்தும் கதகதப்பும் சேர்ந்து, தூங்கும் வித்தை எழுப்பிவிடும். எழுந்த பாக்டீரியா பெருகும். பெருகும்போது சில வகைகள் ஒரு நஞ்சைச் சோற்றிலேயே விட்டுவைக்கும். அதன் பெயர் செரியுலைடு. அதற்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அது அழிவதில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் பிரஷர் குக்கரின் உள்ளே இருக்கும் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது அத்தை அந்தச் சாதத்தை ஒன்றரை மணி நேரம் குக்கரில் வைத்து விசில் விட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. கடாயில் ஐந்து நிமிடம் கிளறியது எந்த மூலைக்கு?

1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இதே கதை நடந்தது. சீன உணவகங்களில் வறுத்த சோறு சாப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து வாந்தி வந்தது. மொத்தமாகச் சோறு வடித்து, ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டிதட்டுகிறது என்று வெளியிலேயே ராத்திரி முழுக்க வைத்திருந்து, மறுநாள் வறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். வறுக்கும் சூடு எவ்வளவு இருந்தும் அது காப்பாற்றவில்லை.

"அப்போ சூடு பண்றதே வேஸ்ட்டா?"

இல்லை. ஆட்டுக்கறிக் குழம்பு, கோழிக் குழம்பு, பெரிய பாத்திரத்தில் வைத்த பருப்புச் சாம்பார் ஆகியவற்றில் வேறொரு கிருமிக்கு இடம் உண்டு. 'கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்' என்று பெயர். இதுவும் வித்தாக இருந்து கொதியைத் தாண்டும். கொதித்த குழம்பில் காற்று குறைவு, இதற்கு அதுதான் பிடிக்கும். 45 டிகிரி வாக்கில், அதாவது விரல் வைத்தால் நல்ல வெதுவெதுப்பாக இருக்கும் சூட்டில், இது சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒன்று ஒரு மணி நேரத்தில் 64 ஆகும். மூன்று மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். ஆழமான அண்டாவின் நடுவில் குழம்பு அந்த வெதுவெதுப்பிலேயே மணிக்கணக்காக நிற்கும், அதனால்தான் கல்யாண வீடுகளில் இது பிரச்சினையாகிறது.

இதில் ஒரு நல்ல செய்தி, இந்தக் கிருமி தன் நஞ்சைப் பெரும்பாலும் நம் குடலுக்குள் போன பிறகுதான் உண்டாக்கும். ஆகவே சாப்பிடுவதற்கு முன் குழம்பை நன்றாகக் கொதிக்க வைத்தால் பெருகிய கிருமிகள் செத்துவிடும், ஆபத்தும் பெருமளவு தீர்ந்துவிடும். லேசாகச் சூடு காட்டிவிட்டு ஊற்றினால்தான் சிக்கல். எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கழித்து வயிற்றுப்போக்கும் வயிற்றுப் பிடிப்பும் வரும்.

ஆக, குழம்புக்குச் சூடு ஓரளவு மருந்து, சாதத்துக்கு மருந்தே இல்லை. எது எந்தக் கிருமி என்று சமையலறையில் நின்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. அதனால் நான் எல்லாருக்கும் சொல்வது, சூடு பண்ணுவதைக் கடைசிக் காவலாக வையுங்கள். முதல் காவல், அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் ஃபிரிட்ஜுக்குள் போவதற்கும் இடையிலான நேரம்.

"எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம்?"

சமைத்த சாப்பாடு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. வெளிச்சூடு 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சுருக்கிச் சொல்கிறது. மதுரைச் சித்திரைக்கு இரண்டாவது கணக்குதான் பொருந்தும். மார்கழியிலோ மழைக்காலத்திலோ இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் கிருமிக்கு வேலை நேரம். சோறு ஆவி பறக்கும் சூட்டில் இருந்தால் பிழையில்லை. ஹாட் பேக்கை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது சாப்பாட்டைச் சூடாக்காது, ஆறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். மதியம் வைத்ததை மாலை திறந்தால் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவோம், அந்த வெதுவெதுப்புத்தான் கிருமிக்குத் தொட்டில். மூடிய குக்கரும் அப்படியே.

"சூடா ஃபிரிட்ஜ்ல வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களே?"

இந்த ஒரு நம்பிக்கையால்தான் பெரியவர்கள் மதியச் சாப்பாட்டை "ஆறட்டும், ஆறட்டும்" என்று சாயங்காலம் வரை வெளியே விட்டுவிடுகிறார்கள். கொதிக்கும் அண்டாவை அப்படியே உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும், அது உண்மை. ஆனால் முழுக்கச் சில்லென்று ஆகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆவி அடங்கி, பாத்திரத்தின் அடியைக் கையால் தொட முடிந்தால் போதும், உள்ளே வைக்கலாம். அந்த நிலைக்குச் சீக்கிரம் கொண்டுவருவதற்கு வழி இருக்கிறது. அத்தைக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

முதலில், சாப்பிட உட்காரும் முன்பே இரவுக்கு வேண்டியதைத் தனியாக எடுத்துவிட வேண்டும். சாப்பிட்டு முடித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, எழுந்து வந்து பார்ப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். எடுக்கும் கரண்டி சுத்தமாக, ஈரம் இல்லாமல் இருக்கட்டும். சாப்பிட்ட கை பட்டது, எச்சில் கரண்டி போட்டது எதையும் எடுத்து வைக்காதீர்கள். கையிலும் மூக்கிலும் இருக்கும் இன்னொரு கிருமியும் சூட்டுக்கு அசையாத நஞ்சை விடும்.

அடுத்து, சாதத்தை அகலமான தாம்பாளத்தில் பரப்ப வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரம் வேண்டாம். மின்விசிறிக்குக் கீழே, மேலே ஒரு சுத்தமான மெல்லிய துணி போட்டு வைத்தால் இருபது நிமிடம், அரை மணிக்குள் ஆறிவிடும். குவியலாகக் கிண்ணத்தில் வைத்தால் மேலே ஆறியிருக்கும், நடுவில் விரலை விட்டால் சுடும். குழம்பு, சாம்பார் என்றால் எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, அகன்ற தொட்டியிலோ பேசினிலோ தண்ணீர் நிரப்பி அதில் இறக்கிவைத்து அவ்வப்போது கலக்குங்கள். தண்ணீர் சூடானால் மாற்றுங்கள். பாயசத்தை ஆறவைக்க இப்படித்தான் செய்வோம், புது வேலையில்லை.

அப்புறம் ஒருவேளைக்கு வேண்டிய அளவாகச் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து, மூடி போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்தப் பிரிப்பு முக்கியம். ஒரே பாத்திரத்தில் வைத்தால் ஒவ்வொரு வேளையும் முழுவதையும் வெளியே எடுத்து, சூடு பண்ணி, மிச்சத்தை மறுபடி உள்ளே வைப்போம். ஒவ்வொரு தடவையும் அது கிருமியின் வேலை நேரத்தைக் கடந்து போய்வருகிறது. ஒருமுறை சூடு பண்ணியதை மறுபடி எடுத்து வைக்காதீர்கள். பெரியம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "எத்தனை டப்பாடி கழுவுறது" என்று அலுத்துக்கொண்டார். மூன்றுதான், சாதத்துக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று. ஒரு டேப்பை ஒட்டி அதில் கிழமையை எழுதிவிட்டால் எப்போது வைத்தது என்ற குழப்பமும் இல்லை.

ஃபிரிட்ஜ் உள்ளே 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். கதவில் பாட்டில் வைக்கும் இடம் எப்போதும் கொஞ்சம் சூடு கூடியது, சமைத்ததை அங்கே வைக்காதீர்கள்.

"ஃபிரிட்ஜ்ல எத்தனை நாள் தாங்கும்?"

சாதம் மறுநாளோடு சரி. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பும் சாதத்துக்கு ஒரு நாள்தான் கொடுக்கிறது. சாம்பார், கூட்டு, கறிக்குழம்புக்கு மூன்று, நான்கு நாள் என்று சில நாடுகளில் சொல்வார்கள். நம் ஊரில் மின்சாரம் போய்வருவதையும், கதவை அடிக்கடி திறப்பதையும் நினைத்து, எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் இரண்டு நாள் என்றே சொல்லியிருக்கிறேன். தேங்காய் அரைத்துவிட்டது, தேங்காய் துருவிப் போட்ட பொரியல், சட்னி இவற்றை அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள். புளி தூக்கலாக, உப்பும் எண்ணெயும் கூட்டிச் சுண்ட வைத்த வத்தக்குழம்பு, மீன் குழம்பு இவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், புளிப்பு கிருமியைக் கட்டுப்படுத்துகிறது. நம் பாட்டிகள் ராத்திரி படுக்கும் முன் குழம்புச் சட்டியை ஒரு கொதி விட்டு இறக்கி வைத்ததிலும் நியாயம் இருக்கிறது.

மின்தடை வந்தால் கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சி நிற்கும். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் போகும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்கு மிச்சம் விழாத அளவில் சமைப்பதுதான் நல்லது.

"பழைய சோறு சாப்பிட்டுத்தானே வளர்ந்தோம்?"

சித்தப்பா கேட்டது இது. கேட்கும்போதே அவர் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. நியாயமான கேள்விதான்.

பழைய சோறு வேறு, வெளியே கிடந்த பழைய சாதம் வேறு. ராத்திரி சோறு ஆறியதும் அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். மண்பானை என்றால் அது கசிந்து குளிர்ச்சியாகவும் வைத்திருக்கும். அந்தத் தண்ணீருக்குள் தயிரைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு வளர்ந்து, சோற்றைப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகளுக்கு வளர்வது கஷ்டம். காலையில் லேசான புளிப்பு வாசனை, கலங்கிய நீராகாரம் இருந்தால் அது முறைப்படி ஆகியிருக்கிறது. குக்கரில் மூடி வைத்த வெறும் சாதத்தில் இந்தப் புளிப்பு எதுவும் நடப்பதில்லை. இரண்டும் ஒரே ராத்திரியைத் தாண்டியவை என்பதால் ஒன்றாகிவிடாது.

இருந்தாலும் சித்தப்பாவிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். மதியம் வடித்து ராத்திரி வரை கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ராத்திரி வடித்து, உடனே ஆறவைத்து ஊற்றுங்கள். காலையில் நாற்றமோ, வழவழப்போ, மேலே படலமோ இருந்தால் கொட்டிவிடுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

"மோந்து பார்த்தா தெரியாதா?"

ஊசிப்போன வாசனை வந்தால் கொட்டலாம். வாசனை வராததை நம்ப முடியாது. வாசனையைக் கெடுக்கும் கிருமி ஒன்று, வயிற்றைக் கெடுக்கும் கிருமி இன்னொன்று. அத்தையின் எலுமிச்சை சாதம் நன்றாகவே மணந்ததாம். தவிர, வயதாக ஆக மூக்கும் மழுங்கும். கடிகாரத்தைப் பார்ப்பதுதான் சரியான சோதனை. எப்போது இறக்கினோம் என்பது நினைவில்லை என்றால், கொட்டிவிடுங்கள்.

"சரி, எப்படித்தான் சூடு பண்ணணும்?"

குழம்பு, சாம்பார், ரசம் எதுவானாலும் அடி வரை கலக்கி, பாத்திரம் முழுக்கத் தளதளவென்று கொதி வர வேண்டும். ஓரத்தில் குமிழி வந்ததும் அணைத்துவிடாதீர்கள். கறித்துண்டு பெரிதாக இருந்தால் பிய்த்துப் போடுங்கள், நடுவிலும் சூடு ஏற வேண்டும். நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும் என்பது கணக்கு, வெப்பமானி இல்லாத வீட்டில் கொதிதான் அளவு.

ஒழுங்காக ஃபிரிட்ஜில் வைத்த சாதத்துக்குக் கட்டியை உதிர்த்து, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, இட்லிப் பானையில் ஆவி ஏற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. நடுவிலிருந்தும் ஆவி பறக்க வேண்டும். மைக்ரோவேவ் என்றால் மூடி வைத்து, பாதியில் எடுத்துக் கிளறி, மறுபடி வைத்து, முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். அது ஒரு இடத்தில் கொதிக்கவைத்து இன்னொரு இடத்தைச் சில்லென்று விட்டுவிடும். சூடு பண்ணியதும் சாப்பிட்டுவிடுங்கள்.

"எங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? பசங்க சாப்பிடுறாங்களே?"

அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட பேரனுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். வயிற்று அமிலம் உள்ளே போகும் கிருமிகளைத் தடுக்கும் ஒரு காவல்காரன். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்ற மாத்திரைகளைத் தினமும் சாப்பிடுபவர்களுக்கு அந்த அமிலம் குறைந்திருக்கும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு வாந்தியால் உடலில் சீக்கிரம் நீர் வற்றித் தலைசுற்றலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அதற்காக அந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"தெரியாம சாப்பிட்டாச்சு, இப்போ என்ன பண்றது?"

விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுதாகக் கரைத்து, வாந்தி வந்த பிறகு பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு கரண்டியாகக் குடியுங்கள். கடகடவென்று குடித்தால் அதுவும் வெளியே வரும். சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பிட முடியாத நிலையில் எவ்வளவு எடுப்பது என்று அன்றைக்கே மருத்துவரிடம் போனில் கேட்டுவிடுங்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவர்கள் ஓ.ஆர்.எஸ். அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடித்த தண்ணீர் தங்கவில்லை, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, பேச்சு குழறுகிறது அல்லது ஆளைத் தெரியவில்லை, மலத்தில் இரத்தம், நல்ல காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். தனியாக இருந்தால் 108க்கு அழையுங்கள். போகும்போது எப்போது சமைத்தது, எப்போது சாப்பிட்டது, எப்போது முதல் வாந்தி என்று மூன்று நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோனால், மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும்.